நினைவகம் போதாதபோது சொல்லடைவு எப்படி உருவாகிறது?

தேடுபொறியில் ‘மான்குர்த்’ என்ற சொல்லைத் தேடியதும் ஆவணங்கள் வந்துவிழக் காரணம், ஒவ்வொரு சொல்லுக்கும் ஆவண எண்களின் பட்டியல் முன்பே தயாராக இருப்பதுதான்.

எடுத்துக்காட்டாக, ராய்ட்டர்ஸின் 1996–97 செய்தித் தொகுப்பில் சுமார் 8 லட்சம் செய்திகள். சொல் எண்ணும் ஆவண எண்ணும் சேர்ந்த இணைகள் ஏறத்தாழ 10 கோடி. நினைவகத்தில் ஒரு கோடிதான் அடங்கும் என்றால்? வட்டில் வைத்தே வரிசைப்படுத்தினால், படிக்கும் முனை அங்குமிங்கும் தாவியே நேரம் தீர்ந்துவிடும். அதனால் ஒரு கோடி சேர்ந்ததும் நினைவகத்தில் வரிசைப்படுத்தி, தனிக் கோப்பாக எழுதிவிடுகிறார்கள். கடைசியில் பத்துக் கோப்புகளையும் ஒருசேரத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் சிறு பகுதியை மட்டும் படிக்கிறார்கள். இருப்பதிலேயே சிறிய சொல் எண் எதுவோ, அதன் பட்டியல்களை எல்லாக் கோப்புகளிலிருந்தும் எடுத்து ஒன்றாக்கி எழுதுகிறார்கள். வட்டின் முனை அடிக்கடி தாவாமல் பெரும்பாலும் தொடர்ச்சியாகப் படிக்கிறது. இம்முறையின் அழகே அதுதான்.

ஆனால் மான்குர்த்துக்கு 512 என்று எண் கொடுத்தால், பத்துக் கோப்பிலும் அதே எண் வேண்டும். எனவே சொற்களை எண்ணாக்கும் அகராதி முழுவதும் நினைவகத்திலேயே இருந்தாக வேண்டும். அதற்கே இடமில்லாவிட்டால் இம்முறை உதவாது.