ஒரு பேனர், இரண்டு மொழி, மூன்று நாணயம்

கடமலைக்குண்டு மொத்த வியாபாரியான எனக்கு ஏலக்காய் விளம்பரத்துக்கு நான்கு பேனர் தேவைப்பட்டது. தேனிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தமிழ். குமுளிக்கும் துபாய்க்கும் மலையாளம்.

முதலில் செய்தவர் படம், எழுத்து, விலை எல்லாவற்றையும் ஒரே படமாக இறுக்கிக் கொடுத்துவிட்டார். விலை ஏறியதும் நான்கையும் புதிதாகச் செய்து, நான்கு கூலி கொடுத்தேன்.

இப்போது போட்டோஷாப்பில் ஒரே மூலக் கோப்புதான். அடியில் ஏலக்காய்ப் படம். அதன்மேல் தமிழ், மலையாளம் என இரண்டு அடுக்குகள். அதற்கும் மேலே இந்திய ரூபாய், இலங்கை ரூபாய், திர்ஹாம் என மூன்று விலை அடுக்குகள். மொழியையும் விலையையும் ஒரே அடுக்கில் சேர்க்காததுதான் சூட்சுமம். யாழ்ப்பாணத்துக்குத் தமிழையும் இலங்கை ரூபாயையும் மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றை மறைத்து, நகல் எடுத்து அச்சுக்கு அனுப்புகிறோம். விலை மாறினால் எழுத்தைத் தொட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. இரண்டு நாட்டுக்கும் ‘ரூ.’ என்றே போட்டால், அடுக்கு மாறித் திறந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்திய விலை யாழ்ப்பாணத்தில் தொங்கினால் நஷ்டம் நமக்கு. ஆகவே ‘இலங்கை ரூபாய்’ என்று முழுதாக எழுதுங்கள். இந்திய விலைக்கு ₹ போடலாம். ஆனால் அது 2010-ல் வந்த குறி. பழைய எழுத்துருவில் அது கட்டமாக விழும். அச்சுக்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.