மகப்பேறு விடுப்புக்குப் பின்: மேலாளருக்கு ஒரு கடிதம்

26 வார மகப்பேறு விடுப்பு முடிந்ததும் குறைந்த நேரம் வேலை பார்க்கும் உரிமையை இந்தியச் சட்டம் தரவில்லை. ஆகவே மேலாளருக்கு எழுதும் கடிதம் கெஞ்சலாக இல்லாமல் திட்டமாக இருக்க வேண்டும்.

கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒருவர் இப்படி எழுதலாம்: “ஜூன் 1 முதல் நான்கு வாரம் தினமும் 4 மணி நேரம், அடுத்த நான்கு வாரம் 6 மணி நேரம், ஜூலை 27 முதல் முழுநேரம் பணிபுரிய அனுமதி கோருகிறேன். மாத இறுதிக் கணக்கை அதுவரை தற்போது பார்ப்பவரே தொடரலாம். சம்பளத்தை நேரத்துக்கேற்பக் கணக்கிடச் சம்மதிக்கிறேன்.”

மேலாளர் முதலில் தேடுவது முடிவுத் தேதியைத்தான். ‘கொஞ்ச நாளைக்கு’ என்றால் கோப்பு நகராது.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் கிடைக்கும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைச் சலுகையாகக் கேட்காதீர்கள். அவை சட்டப்படி உங்களுடையவை. ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.