தலை எண்ணி முடிந்த பிறகுதான் தீயோடு சண்டை

சரக்குக் கப்பலில் முதல் முறையாக வேலைக்குச் சேரப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறிய சில நாட்களிலேயே மணி அலறும், எல்லோரும் கிளம்பி ஓடுவார்கள். பதற வேண்டாம், அது ஃபயர் டிரில் (தீயணைப்பு ஒத்திகை). கப்பலில் உள்ள ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறையாவது இதில் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தம்). அந்தக் கப்பலில் கடந்த ஒரு மாதத்தில் டிரில் செய்யாதவர்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், துறைமுகத்தை விட்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே நடத்தியாக வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? கரையில் தீப்பிடித்தால் 101-க்கு ஃபோன் செய்கிறோம். 2018 மார்ச் 6 அன்று மேர்ஸ்க் ஹோனம் என்ற பெரிய கன்டெய்னர் கப்பலின் சரக்கு அறையில் தீப்பிடித்தபோது, அது ஓமன் நாட்டின் சலாலா துறைமுகத்திலிருந்து சுமார் 900 கடல் மைல் தொலைவில், அரபிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. அதாவது 1,600 கிலோமீட்டருக்கும் மேல். அந்தத் தொலைவில் கப்பலில் இருக்கும் இருபது சொச்சம் பேர்தான் தீயணைப்புப் படை. சமையல்காரரும் அதில் ஓர் ஆள்.

மணி அடித்தால் முதலில் எங்கே போக வேண்டும்? தீ இருக்கும் இடத்துக்கு அல்ல, மஸ்டர் ஸ்டேஷனுக்கு (எல்லோரும் கூடி ஆள் கணக்குக் கொடுக்கும் இடம்). ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகளும் பிறகு ஒரு நீண்ட ஒலியும் வந்தால், அது பொது அபாய அழைப்பு. உங்கள் இடம் எது, வேலை என்ன என்பது மஸ்டர் லிஸ்டில் (யார் யார் எந்தப் பொறுப்பு என்ற பட்டியல்) எழுதியிருக்கும். பெரும்பாலான கப்பல்களில் அதன் சுருக்கம் ஒரு சீட்டாக உங்கள் அறையிலேயே ஒட்டியிருக்கும்.

“தீ எரியும்போது வரிசையில் நின்று பெயர் சொல்லிக்கொண்டிருப்பதா?” என்று உங்களுக்குத் தோன்றும். புதிதாக வருகிற எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான் இது. பதில் தெரிய, இன்ஜின் ரூமில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும்.

ஜெனரேட்டரின் எரிபொருள் குழாய் வெடித்து, சூடான புகைபோக்கிக் குழாய் மேல் டீசல் தெறித்துப் பற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் தூக்கும் தீயணைப்பானால் ஆரம்ப நொடிகளில் அணைக்க முடியாவிட்டால், தண்ணீர்க் குழாயோடு உள்ளே இறங்குவது மிகவும் ஆபத்து. அந்த நிலைக்கென்றே தனி அறையில் வரிசை வரிசையாகச் சிலிண்டர்களில் கார்பன் டை ஆக்சைடு வைத்திருக்கிறார்கள். திறந்துவிட்டால் அதில் 85 சதவீதம் இரண்டே நிமிடத்தில் இன்ஜின் ரூமுக்குள் பாய்ந்துவிட வேண்டும் என்பது விதி. ஆக்சிஜன் குறைந்து தீ அடங்கும்.

ஆனால் அந்த வாயு மனிதரையும் அதே வேகத்தில் கொன்றுவிடும். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தாலும் கேப்டனால் “திற” என்று சொல்ல முடியாது. ஆகவே கப்பலின் மிகப் பெரிய ஆயுதத்தைத் தொடுவதற்கு முன், எல்லோரும் வெளியே இருக்கிறார்கள் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். ஆள் கணக்கு எடுப்பது இதற்காகத்தான்.

ஒருவர் குறைந்தால் என்ன ஆகும்? கப்பலில் 23 பேர். ஒவ்வொரு குழுத் தலைவரும் வாக்கி டாக்கியில் பிரிட்ஜுக்கு (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை) எண்ணிக்கை சொல்கிறார். கூட்டினால் 22 வருகிறது, ஃபிட்டரைக் காணவில்லை. மூச்சுக்கருவி மாட்டிய இரண்டு பேரைத் தேட அனுப்ப வேண்டும். அவர்கள் இடுப்பில் தீப்பிடிக்காத உயிர்க்கயிறு இருக்கும். இன்னொருவர் வாசலில் நின்று, அவர்கள் நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்.

விதிப்படி மூச்சுக்கருவியில் குறைந்தது 1,200 லிட்டர் காற்று இருக்கும். சூட்டிலும் புகையிலும் படியிறங்கி ஆள் தேடுகிறவர் நிமிடத்துக்கு 50 லிட்டர்கூட இழுப்பார். 200 லிட்டர் மிச்சமிருக்கும் நிலையில் எச்சரிக்கை விசில் ஊதும் என்றால், அதற்குள் கிடைப்பது 20 நிமிடம். அதிலேயே போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அவ்வளவு நேரமும் வாயுவைத் திறக்க முடியாமல் தீ வளர்ந்துகொண்டே போகும்.

இப்போது அந்த ஃபிட்டர் உண்மையில் வேறு படிக்கட்டு வழியாக மேலே வந்து, உதவும் எண்ணத்தில் பின்தளத்தில் தானாகவே தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார் என்றால்? அவருடைய நல்லெண்ணம் இரண்டு பேரின் உயிரைப் பணயம் வைத்து, கப்பலின் 20 நிமிடத்தையும் தின்றுவிட்டது. தீயை நேரில் பார்த்தவர் நீங்களே ஆனாலும், அபாய மணியை அழுத்திவிட்டு, உங்கள் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். நான் இதில் எந்த விதிவிலக்கையும் ஏற்கமாட்டேன்.

கணக்குச் சரியானதும் என்ன நடக்கும்? காற்று விசிறிகளை நிறுத்தி, காற்று போகும் வழிகளையும் கதவுகளையும் மூடுவார்கள். எரிபொருளை வெளியிலிருந்தே அடைப்பார்கள். அத்தோடு இன்ஜினும் ஜெனரேட்டரும் நின்று கப்பல் இருண்டுவிடும். வேறிடத்தில் இருக்கும் அவசர ஜெனரேட்டர் 45 நொடிக்குள் ஓடத் தொடங்க வேண்டும். இன்ஜின் ரூமுக்கு வெளியே வைத்திருக்கும் அவசர பம்ப் தண்ணீர் தரும். பிறகு எச்சரிக்கை ஒலி கொடுத்து, வாயுவைத் திறப்பார்கள்.

அடுத்தது பலருக்கும் கடினமான பகுதி: காத்திருத்தல். சுவருக்கு வெளியே நின்று, எல்லாப் பக்கமும் தண்ணீர் அடித்து இரும்பைக் குளிர்விப்பது ஒன்றுதான் வேலை. மணிக்கணக்கில், சில நேரம் ஒரு நாளுக்கும் மேல். “அணைந்துவிட்டதா பார்ப்போம்” என்று கதவைத் திறந்தால் வாயு வெளியேறும், காற்று உள்ளே புகும், சூடான இரும்பில் எரிபொருள் மறுபடி பற்றிக்கொள்ளும். இரண்டாம் தடவை திறக்கப் பெரும்பாலும் வாயு மிச்சமிருக்காது. வெளிச்சுவரின் சூடு குறைந்துகொண்டே வருகிறதா என்று தொடர்ந்து அளந்து எழுதுவதுதான் உள்ளே நடப்பதை அறியும் வழி.

எல்லாத் தீயையும் இப்படி அடக்கிவிட முடியுமா? முடியாது. ஹோனத்திலும் சரக்கு அறைக்குள் கார்பன் டை ஆக்சைடைத் திறந்தார்கள், தீ அடங்கவில்லை. அந்த அறையில் நீர்ச் சுத்திகரிப்புக்குப் பயன்படும் குளோரின் வேதிப்பொருள் பெருமளவில் இருந்தது. இத்தகைய பொருள் சிதையும்போது தானே வெப்பத்தை உண்டாக்கும். காற்றைத் தடுத்தாலும் அந்த வினை நிற்பதில்லை. கடைசியில் கப்பலைக் கைவிட நேர்ந்தது. 27 பேரில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதனால்தான் தீ டிரில்லோடு சேர்த்து, கப்பலை விட்டு வெளியேறும் டிரில்லையும் பெரும்பாலும் ஒரே மூச்சில் நடத்துகிறார்கள்.

உங்கள் கப்பலில் டிரில் உண்மையாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவசர பம்பை நிஜமாகவே ஓட்டி, இரண்டு குழாய்களிலிருந்தாவது தண்ணீர் பாய்ச்சினார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு மாதமும் அதே கிழமை, அதே நேரம், அதே பெயின்ட் அறையில் “தீ” என்றால், மனப்பாடம் நடக்கிறது என்று அர்த்தம். நல்ல சீஃப் ஆபீசர் யாருக்கும் சொல்லாமல் ஒருவரை ஒளித்துவைப்பார். குழுத் தலைவருக்கே அடிபட்டதாகச் சொல்லி, அடுத்தவர் பொறுப்பேற்கிறாரா என்று பார்ப்பார். துறைமுகத்தில் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் டிரில் செய்துகாட்டச் சொல்வதுண்டு. சொதப்பினால் கப்பலையே நிறுத்திவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ஏறிய முதல் நாள் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சீட்டைப் படித்து, மஸ்டர் ஸ்டேஷன் வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். அறையிலிருந்தும் வேலை இடத்திலிருந்தும் வெளியேற இரண்டு வழிகளைக் கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவியே போகும் அளவுக்குப் பழகுங்கள். வழியில் தப்பிக்கும் மூச்சுப்பை (புகையிலிருந்து வெளியேற மட்டும் உதவும் சிறு காற்றுக்கருவி) எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். விதிப்படி அது குறைந்தது பத்து நிமிடம் தாங்கும். அதை மாட்டிக்கொண்டு தீயை அணைக்கவோ, ஆளைத் தேடவோ உள்ளே போகக் கூடாது.