குரூப் 4 தேர்வா, தனியார் வேலையா?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வை 2024 ஜூனில் ஏறத்தாழ 15.9 லட்சம் பேர் எழுதினர். 6,244 ஆக அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் பின்னர் 9,491 ஆக உயர்ந்தன. அப்படியும் ஓர் இடத்துக்கு 160 பேருக்கு மேல் போட்டியிட்டனர்.

மதுரையில் பி.காம். முடித்த 22 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எழுதும் தனியார் வேலையில் மாதம் 18,000 ரூபாய் கிடைக்கும் என்றால், மூன்று ஆண்டு முழுநேரத் தயாரிப்பில் அவர் இழப்பது ஏறக்குறைய 6.5 லட்சம் ரூபாய். பயிற்சி மையக் கட்டணம் இதற்குமுன் சிறியதுதான். பணத்தைவிடப் பெரிய இழப்பு அனுபவம். மூன்று ஆண்டு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்தவருக்கு அடுத்த நிறுவனத்தில் சம்பளம் கூடும். படித்துக்கொண்டே இருந்தவர் 25 வயதில் புதியவராகவே நுழைய வேண்டும்.

வென்றால் நிலைமை வேறு. இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அகவிலைப்படி 55 சதவீதமாக இருந்தால் 30,000 ரூபாயைத் தாண்டும். வீட்டு வாடகைப்படி தனி. ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வும் வேலை பறிபோகாது என்ற நிம்மதியும் உண்டு. தனியாரில் திறமைசாலி பத்தாண்டில் இதைவிட அதிகம் ஈட்டலாம், ஆனால் அதற்கு உத்தரவாதம் கிடையாது.

சிக்கல், எப்போது நிறுத்துவது என்பதில் இருக்கிறது. 2022 தேர்வு ஜூலையில் நடந்தது, முடிவு 2023 மார்ச்சில்தான் வந்தது. முடிவுக்காகக் காத்திருப்பதிலேயே எட்டு மாதம் போய்விடுகிறது. பட்டதாரிகளுக்கான குரூப் 2 தேர்வில் பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தோர் உள்ளிட்ட பெரும்பாலானோருக்கு உச்ச வயது வரம்பே இல்லை. அது நல்ல சலுகைதான். ஆனால் வெளியேறும் நாளைத் தேர்வரே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கு மாதிரித் தேர்வு மதிப்பெண்ணே நம்பகமான அளவுகோல். 2022, 2024 தேர்வுகளில் பெரும்பாலான பிரிவினருக்கு 200 கேள்விகளில் 150-க்கு மேல் சரியாக இருந்தால்தான் இளநிலை உதவியாளர் பணி எட்டியது. ஓராண்டு முழுமூச்சாகப் படித்தும் 130-ஐ ஒட்டியே நிற்பவர், வேலைக்குச் சேர்ந்து மாலை நேரத்தில் படிப்பைத் தொடர்வதே சரி.

வங்கித் தேர்வை மாற்றுவழியாகப் பலர் சொல்வதுண்டு. ஆனால் குரூப் 4-இல் பாதிக் கேள்விகள் தமிழிலிருந்து வருகின்றன, வங்கித் தேர்வோ ஆங்கிலத்தையும் வேகமான கணக்கையும் கேட்கிறது. ஒன்றுக்குப் படித்தது மற்றொன்றுக்கு அவ்வளவாக உதவாது. அந்த மதுரைப் பெண்ணுக்குப் பொருத்தமானவை இரண்டு. ஒன்று தட்டச்சு: தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுநிலை சான்றிதழ் இருந்தால் தட்டச்சர் பணிக்கும் போட்டியிடலாம், அங்கே போட்டியாளர்கள் குறைவு. மற்றொன்று, படிக்கும் காலத்திலேயே உள்ளூர் ஆடிட்டரிடம் அரைநாள் வேலை. தேர்வு கைகூடாவிட்டாலும் விண்ணப்பத்தில் அந்த ஆண்டுகள் வெற்றிடமாக நிற்காது.