வங்கியில் பணம், கணக்கில் பற்றாக்குறை

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் மைக்கைப் பிடித்ததும் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது இப்படிக் கேட்பார்: "பேங்க்ல போன வருஷத்தைவிட அதிகமாப் பணம் இருக்கே சார், அப்புறம் எதுக்கு மெயின்டனன்ஸை ஏத்தணும்?" நியாயமான கேள்விதான். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்த பொருளாளரின் உரை அன்று பாதி முடிந்த மாதிரி.

சென்னையில் 40 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு வர வேண்டியது 14,40,000. ஏப்ரல் முதல் தேதி வங்கி இருப்பு 2,10,000. அடுத்த மார்ச் முடிவில் 3,40,000. அதாவது 1,30,000 கூடியிருக்கிறது. கேள்வி கேட்டவர் பார்த்தது இதைத்தான்.

அவர் கையில் இருந்த தாள் வரவு-செலுத்தல் கணக்கு. அந்த ஆண்டில் வங்கிக்குள் நுழைந்த பணமும் வெளியேறிய பணமும் மட்டுமே அதில் இருக்கும். அந்தப் பணம் எந்த ஆண்டுக்குச் சேர வேண்டியது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பொருளாளர் ஒவ்வொரு தொகையாகப் பிரித்துக் காட்டினார். உள்ளே வந்தது மொத்தம் 15,30,000. அதில் 60,000 முந்தைய ஆண்டின் பழைய பாக்கி. இன்னொரு 1,50,000, வெளிநாட்டில் இருக்கும் சில உரிமையாளர்கள் அடுத்த ஆண்டுக்காக முன்கூட்டியே அனுப்பியது. இந்த ஆண்டுக்கென்று உண்மையில் வசூலானது 13,20,000 தான். ஐந்து வீடுகள் எட்டு மாதமாகக் கட்டவில்லை. அந்த 1,20,000 இன்னும் பாக்கி.

செலவுப் பக்கத்திலும் இதே கதை. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பொது மின்கட்டணம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தண்ணீர் லாரி என்று கொடுத்து முடித்தது 14,00,000. ஆனால் மார்ச் மாத மின்கட்டணமும் செக்யூரிட்டி நிறுவனத்தின் பில்லும் சேர்த்து 70,000 ரூபாயை ஏப்ரலில்தான் கட்டினார்கள். வேலை நடந்தது மார்ச்சில். அது போன ஆண்டின் செலவு.

இப்போது இன்னொரு தாள், வருமான-செலவினக் கணக்கு. இந்த ஆண்டுக்குரிய வருமானம், பாக்கியையும் சேர்த்து, 14,40,000. இந்த ஆண்டுக்குரிய செலவு 14,70,000. பற்றாக்குறை 30,000. வங்கியில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கூடிய அதே ஆண்டில்தான் சங்கம் முப்பதாயிரம் நஷ்டப்பட்டிருக்கிறது. இரண்டு கணக்கும் சரியானவையே. வரவு-செலுத்தல் தாளை மட்டும் ஒட்டிவிட்டுக் கூட்டத்தை முடிக்கும் சங்கங்களில் இந்தப் பள்ளம் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாது. முன்பணம் வருவது குறைகிற ஆண்டில்தான் சம்பளத்துக்கே இழுபறி ஆகும்.

அந்த நாளில் எல்லோர் கையும் போகுமிடம் கார்பஸ் எனப்படும் சேம நிதி. பொருளாளர் குரலை உயர்த்தியது இந்த இடத்தில்தான். கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்க ஒன்பது லட்சம் ஆகும், ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும் என்றால், ஒவ்வோர் ஆண்டும் 1,50,000 ஒதுங்கியிருக்க வேண்டும். இரண்டு லிஃப்டுகளை மாற்ற 24 லட்சம், இருபது ஆண்டு ஆயுள்: ஆண்டுக்கு 1,20,000. மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்புக்கு ஆறு லட்சம், பத்து ஆண்டு: 60,000. ஆக 3,30,000. நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் மாதம் கிட்டத்தட்ட 690 ரூபாய். விலைவாசி ஏறுவதை இந்தக் கணக்கு சேர்க்கவில்லை.

"பூச்சும் லிஃப்டும் இன்னைக்கும் தேய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு மேடம், பில் மட்டும்தான் பின்னாடி வருது" என்று முன்வரிசையில் இருந்தவருக்கு அவர் சொன்ன பதில் எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ளக்கூடியது.

சேம நிதி சரியாக இருக்கிறதா என்று உறுப்பினர் பார்ப்பது எளிது. ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், தனிநபர் பெயரில் அல்ல. அதன்மேல் கடன் வாங்கியிருக்கிறதா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம். நடப்புக் கணக்கிலிருந்து டெபாசிட்டுக்குப் போன தொகை வரவு-செலுத்தல் தாளில் வெளியேறிய பணமாகத் தெரியலாம். அது செலவல்ல, இடம் மாறியது. வட்டிக்கு வரி உண்டு என்பதும் பலருக்குப் புதிது. உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போட்ட பணம் சங்கத்துக்கு வருமானமாகாது என்பது பொது விதி. ஆனால் வங்கி தரும் வட்டிக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கூட்டம் 690-க்கு ஒப்பவில்லை, 500-க்கு ஒப்பியது. ஆண்டுக்கு 2,40,000 சேரும், 90,000 குறையும். பூச்சு அடிக்கும் ஆண்டு வரும்போது அந்த இடைவெளி 5,40,000 ஆகியிருக்கும். வீட்டுக்கு 13,500 ரூபாய் சிறப்பு வசூல் என்று பொருளாளர் அப்போதே நோட்டில் எழுதி, தீர்மானத்தோடு சேர்த்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.