பிடி இறுகியது, அதற்கு மேல்?

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் வெள்ளைப் பொடிதான் கிரியேட்டின். தசைச் சிதைவு நோயால் தளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அந்த டப்பாவைப் பார்த்ததும் ஓர் ஆசை எழும்: நல்ல தசையை வளர்க்கும் பொடி, நலிந்த தசையைத் தாங்காதா?

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிரியேட்டின் நம் உடலே செய்துகொள்ளும் பொருள்தான். இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கொஞ்சம் வந்து சேரும். தசை சட்டென்று வேலை செய்யும்போது தீர்ந்துபோகும் ஆற்றலை அந்தக் கணமே ஈடுகட்டும் கைமாற்றுப் பணம் மாதிரி அது. டூஷேன் வகைத் தசைச் சிதைவில் இந்தக் கையிருப்பு குறைந்துவிடுகிறது. ஆனால் நோயின் வேர் அங்கே இல்லை. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசை இழையின் உறை ஒவ்வோர் அசைவிலும் கிழிகிறது. கிரியேட்டின் அந்தக் கிழிசலைத் தைக்காது. மிஞ்சியிருக்கும் தசைக்குச் செலவுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான்.

2004இல் வெளியான ஒரு கனடா ஆய்வு இதை அக்கறையோடு சோதித்தது. மார்க் டார்னபால்ஸ்கி தலைமையிலான குழு, டூஷேன் நோயுள்ள 30 சிறுவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் வீதம் தினமும் கிரியேட்டின் கொடுத்தது. 30 கிலோ எடையுள்ள பையனுக்கு இது 3 கிராம். ஒவ்வொரு பையனும் நான்கு மாதம் உண்மையான பொடியும், இடையில் சில வாரம் விட்டு, நான்கு மாதம் வெற்றுப் பொடியும் சாப்பிட்டான். எப்போது எது என்பது அவனுக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. கிரியேட்டின் சாப்பிட்ட மாதங்களில் பழக்கப்பட்ட கையின் பிடி சற்று இறுகியது. கொழுப்பு நீங்கலான உடல் எடை கூடியது. எலும்பு கரைவதைக் காட்டும் ஒரு குறியீடு சிறுநீரில் குறைந்தது. ஆனால் அன்றாட வேலைகள் எளிதாகவில்லை.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. கூடிய எடையைக்கூட முழுக்கத் தசை என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரையும் இழுத்து வைக்கும். கருவி இரண்டையும் ஒரே கணக்கில்தான் சேர்க்கும். அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், ஸ்டீராய்டு எடுக்காத, நடக்க முடிந்த 50 சிறுவர்களிடம் ஆறு மாதம் பார்த்தும் வலிமையில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

பல தசை நோய்களில் நடந்த 14 ஆய்வுகளை, மொத்தம் 364 பேரை, காக்ரேன் தொகுப்பு 2013இல் சேர்த்துப் பார்த்தது. தசைச் சிதைவு நோய்களில் வலிமை சராசரியாக 8.5 சதவீதம் அதிகம். பத்து கிலோ விசையோடு பிடிக்கும் கை, பத்தே முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் மட்டுமே நடந்த ஆய்வுகள் இவை. நடை நிற்கும் வயதைத் தள்ளிப்போடுமா என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

'தசை நோய்' என்ற பொதுப்பெயரை நம்பி எல்லாவற்றுக்கும் இதைக் கொடுப்பது ஆபத்து. மெக்ஆர்டில் நோயில், தசை தன் சர்க்கரைச் சேமிப்பை உடைத்துப் பயன்படுத்த முடியாது. கிலோவுக்கு 60 மில்லிகிராம் கொடுத்தபோது சிறு நன்மை தெரிந்தது. கூட்டினால் இன்னும் நல்லது நடக்கும் என்று 150 ஆக்கினார்கள். தசைவலி அதிகமாகி அன்றாட வேலையே கெட்டது. நரம்பணு அழிந்து தசை மெலியும் ஏ.எல்.எஸ். நோயில் நடந்த பெரிய ஆய்வுகளோ வெறுங்கையோடு திரும்பின.

அடுத்து, எளிதில் ஏமாற்றும் ஒரு விஷயம். கிரியேட்டினுக்கும் கிரியேட்டினினுக்கும் பெயரில் ஒரு 'னி'தான் வித்தியாசம். பின்னது முன்னதன் கழிவு. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய ரத்தத்தில் அளப்பது அதைத்தான். தசை குறைந்த டூஷேன் சிறுவனுக்கு அது இயல்பாகவே மிகக் குறைவாக இருக்கும், 0.2 என்று வைத்துக்கொள்வோம். பொடி தொடங்கிய பிறகு 0.6 என்று வந்தால் லேப் சீட்டில் அது 'நார்மல்' வரம்புக்குள்தான் இருக்கும். பொடியால் கூடியதா, சிறுநீரகம் சுணங்கியதா என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. தசையின் அளவைப் பெரிதாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனைதான் அங்கே உதவும்.

மருத்துவர் ஒப்புக்கொண்டு தொடங்குவதானால், முதல் கரண்டிக்கு முன்பே அந்தப் பரிசோதனையை எடுத்து வையுங்கள். பொடியை நம்பி ஸ்டீராய்டையோ பிசியோதெரபியையோ மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.