குளிப்பதற்கு ஏன் ஒரு ‘என்னை’?

ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்குபவர்கள் அன்றாடக் காரியங்களைச் சொல்லும்போதே தடுமாறத் தொடங்குகிறார்கள். ‘சாப்பிடுகிறேன்’ என்பதற்கு ‘கோமோ’ என்ற ஒரே சொல் போதும். ஆனால் ‘குளிக்கிறேன்’ என்றால் ‘மெ பான்யோ’. அந்த ‘மெ’ என்பதற்கு ‘என்னை’ என்று பொருள். எழுவது, படுப்பது, உட்காருவது, உடுத்துவது எல்லாவற்றுக்கும் இதே ‘என்னை’ வருகிறது. பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துகீசியம் ஆகிய மொழிகளிலும் இப்படித்தான்.

‘என்னை நானே குளிப்பாட்டிக்கொள்கிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள்’ என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது போதவில்லை. காலையில் எழும்போது யாரும் தன்னையே தூக்கி நிறுத்துவதாக எண்ணுவதில்லை. காரணம் வினைச்சொல் பிறக்கும் இடத்தில் இருக்கிறது.

தமிழில் ‘குளி’ என்பது அடிப்படைச் சொல். அதில் செய்பவர் மட்டுமே இருக்கிறார். குழந்தையைக் கொண்டுவர வேண்டுமானால் சொல்லை நீட்டி ‘குளிப்பாட்டு’ என்கிறோம். ‘எழு’ நீண்டு ‘எழுப்பு’ ஆகிறது. ‘உட்கார்’ நீண்டு ‘உட்காரவை’ ஆகிறது. தானே செய்வது முதலில், பிறருக்குச் செய்வது பிறகு.

ஸ்பானியம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. ‘பன்யார்’ என்பதன் அடிப்படைப் பொருளே குளிப்பாட்டுவது. ‘பான்யோ அல் நின்யோ’ என்றால் ‘குழந்தையைக் குளிப்பாட்டுகிறேன்’. ‘லெவந்தார்’ என்றால் தூக்குவது, ‘அகோஸ்தார்’ என்றால் படுக்கவைப்பது, ‘செந்தார்’ என்றால் உட்காரவைப்பது. இந்த வினைகளெல்லாம் யாரை, எதை என்ற கேள்வியோடு பிறந்தவை. அந்த இடத்தில் வேறொருவர் இல்லை, வினை செய்பவரோடு முடிந்துவிடுகிறது என்று காட்டவே ‘மெ’ வருகிறது. ஆள் மாறினால் அதுவும் மாறும்: நீ என்றால் ‘தெ’, அவர் என்றால் ‘செ’, நாம் என்றால் ‘நோஸ்’.

அதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ‘ஆறு மணிக்கு பான்யோ’ என்று சொன்னால், கேட்பவர் ‘யாரை?’ என்று காத்திருப்பார். பெயர் சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. ‘மெ யாமோ மரியா’ என்றால் ‘என் பெயர் மரியா’. ‘மெ’யை விழுங்கி ‘யாமோ அ மரியா’ என்றால், ‘மரியாவைக் கூப்பிடுகிறேன்’ என்றாகிவிடும். மாணவர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு பிழை அகராதியிலிருந்து வருகிறது. அங்கே ‘பன்யார்செ’ என்று ‘செ’ ஒட்டியே இருக்கும். ‘குளிக்க விரும்புகிறேன்’ என்பதற்கு அதை அப்படியே எடுத்து ‘கியெரோ பன்யார்செ’ என்று சொல்லிவிடுகிறார்கள். விரும்புவது நான் என்பதால் அங்கே ‘பன்யார்மெ’ வர வேண்டும்.

கை கழுவுவதைச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘மெ லாவோ லாஸ் மானோஸ்’ என்பதில் ‘என் கைகள்’ என்ற சொல்லே இல்லை, ‘கைகள்’ மட்டும்தான். யாருடைய கை என்பதை ‘மெ’யே சொல்லிவிடுகிறது. ‘மெ’யை எடுத்துவிட்டு ‘லெ’ போட்டால், கழுவப்படுவது வேறொருவரின் கை. தமிழில் ‘சட்டை போட்டாள்’ என்றால் யாருக்கு என்று கேட்கத் தோன்றும். ‘போட்டுக்கொண்டாள்’ என்றால் தோன்றாது. இந்த ஒரு இடத்தில் நம் ‘கொள்’ அவர்களுடைய ‘செ’க்கு மிக நெருக்கமாக வருகிறது.

இதன் வேர் லத்தீனில் இருக்கிறது. லத்தீனில் ‘லாவோர்’ என்ற ஒரே சொல் ‘கழுவப்படுகிறேன்’ என்றும், ‘உடல் கழுவிக்கொள்கிறேன்’ என்றும் பொருள் தந்தது. வினையின் இறுதியில் இருந்த அந்த ‘ஓர்’ விகுதியே வேலையைச் செய்தது. லத்தீனிலிருந்து பிரிந்து வளர்ந்த மொழிகளில் அந்த விகுதிகள் மறைந்தன. அந்தக் காலியிடத்தை லத்தீனில் ஏற்கெனவே இருந்த ‘செ’ என்ற பிரதிப்பெயர் நிரப்பியது. அதன் வேலை மனிதர்களோடு நிற்கவில்லை. கதவு திறந்தது என்பதற்கும் ‘லா புவெர்தா செ அப்ரியோ’ என்றே சொல்வார்கள். கதவுக்கு ஏது ‘தான்’? திறந்தவர் யார் என்ற பேச்சு இங்கே இல்லை என்பதைத்தான் அந்த ‘செ’ சொல்கிறது.

ஆனாலும் எல்லா வினையும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. போர்த்துகீசியத்தில் ‘அகொர்தார்’ என்ற ஒரே வினை, எந்தப் பிரதிப்பெயரும் இல்லாமல், விழிப்பதையும் எழுப்புவதையும் குறிக்கிறது. எழுவதற்குப் போர்ச்சுகலில் பிரதிப்பெயர் சேர்த்தே சொல்வார்கள். பிரேசிலின் பேச்சுவழக்கில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வினையையும் அந்த மொழியில் அது பிறருக்குச் செய்வதாகத் தொடங்குகிறதா, தானே செய்வதாகத் தொடங்குகிறதா என்று தனித்தனியே பார்த்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது.